18 பேர் முதலிடம் கொடுத்த ஊர் தோற்றது எப்படி?

பட்டர்வொர்த் ரவி: எங்கள் சங்கச் சுற்றுலாவுக்கு 30 பேர் மூன்று ஊர்களை வரிசைப்படுத்தினார்கள். 18 பேர் கேமரன், லங்காவி, ஈப்போ என்று எழுதினார்கள். மீதி 12 பேர் லங்காவி, ஈப்போ, கேமரன் என்று எழுதினார்கள். முதலிடத்துக்கு 2, அடுத்ததுக்கு 1, கடைசிக்கு 0 புள்ளி. லங்காவி ஜெயித்துவிட்டது. கூட்டலில் பிசகா?

ஜார்ஜ்டவுன் கலா: கூட்டல் சரிதான் தம்பி. கேமரன் 36, லங்காவி 18+24=42, ஈப்போ 12. ஒரு சீட்டுக்கு 3 புள்ளி வீதம் 30 சீட்டுக்கு 90 வர வேண்டும், வந்திருக்கிறது. அது 90-க்குக் குறைந்தால் யாரோ வரிசையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். லங்காவி யாருக்குமே கடைசி இல்லை, கேமரனோ 12 பேருக்குக் கடைசி. இப்படி இடத்துக்கு இடம் புள்ளி கொடுக்கும் போர்டா முறை அதைத்தான் எண்ணுகிறது.

செந்தூல் மணி: பெரும்பான்மையைத் தோற்கடிக்கிற முறை என்ன முறை! முதலிடத்துக்கு 3 கொடுங்கள், சரியாகிவிடும்.

கலா: 3, 1, 0 போட்டுப் பாருங்கள் மணி அண்ணே. கேமரன் 54, லங்காவியும் 54. நவ்ரு தீவில் 1971 முதல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1, அரை, மூன்றிலொன்று என்று கொடுக்கிறார்கள். அப்படிப் போட்டால் கேமரன் 22, லங்காவி 21. அதே சீட்டுகள்தான், அளவுகோலுக்கு ஒரு முடிவு. அதனால்தான் சீட்டு பிரிக்கும் முன்பே புள்ளியைத் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். பிறகு மாற்றினால் அது ஜெயிப்பவரைத் தேர்ந்தெடுப்பதுதான்.

பிரை ஆசிரியை: எங்கள் கட்டுரைப் போட்டியில் நடுவர்கள் 100-க்கு மதிப்பெண் போட்டு சராசரி எடுப்போம். இந்தச் சண்டையே வராது.

கலா: அது வேறு கணக்கு டீச்சர். ஒரு நடுவர் 40 முதல் 95 வரை போட்டு, இன்னொருவர் 70 முதல் 80-க்குள் நின்றால், முதல் நடுவர் சொன்னதே முடிவாகிவிடும். இங்கே யார் எழுதினாலும் வரிசைக்கு ஒரே எடை.

மணி: சரி, ஈப்போவை எடுத்துவிடுங்கள். நேருக்கு நேர் 18-க்கு 12, கேமரன்தான். ஒருவர்கூட முதலிடம் தராத ஊர் முடிவை மாற்றலாமா?

கலா: இந்த முறையின் உண்மையான ஓட்டை அதுதான், மறுக்கவில்லை. அந்த 12 பேரும் கேமரனை இரண்டாவதாக எழுதியிருந்தால் கேமரன் 48, லங்காவி 42. எதிரியைக் கீழே தள்ளத்தான் ஈப்போவை நடுவில் வைத்தார்களா, இல்லை மலைப்பாதை பிடிக்காமலா என்பது சீட்டைப் பார்த்துத் தெரியாது.

மணி: அப்போ 18 பேருக்கு என்ன பதில்?

ரவி: அவர்களில் பாதிப் பேர் லங்காவிக்கும் சரி என்கிறார்கள் அக்கா. மீதிப் பேர் மறு வாக்கு கேட்கிறார்கள்.

கலா: மறு வாக்கு என்றால் இப்போது எல்லோருக்கும் கணக்கு தெரியும். 18 பேரும் லங்காவியைக் கடைசியில் போடுவார்கள்: கேமரன் 36, ஈப்போ 30, லங்காவி 24. அதற்குப் பதில் முதல் இரண்டு ஊர்களுக்கு மட்டும் கை தூக்கச் சொல்லுங்கள்.

மணி: அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.