மேலத்தெரு குழு: பீடியை விட நாள் குறிக்கிறது

செல்வி: மல்லிகாக்கா, நாளைக்கு சுகாதார நிலையத்துல பிரஷர் மாத்திரை வாங்க வர்றவங்கள்ல பீடி குடிக்கிறவங்ககிட்ட பேசச் சொல்லியிருக்காங்க. ஆளுக்கு நாலு நிமிஷம்தான். எதைக் கேக்குறது?

மல்லிகா நர்ஸ்: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" இதைக் கேளு. அரை மணிக்குள்ளன்னா உடம்பு நிகோட்டினுக்கு நல்லா பழகிடுச்சு. அடுத்து அவர் நோயோட சேர்த்து ஒரே வார்த்தை: "அண்ணே, மாத்திரை போட்டாலும் பீடி இருக்குற வரைக்கும் மாரடைப்பு பயம் போகாது, விட்டுடுங்க." திட்டாதே. உடனே "விடலாம்னு தோணுதா?"ன்னு கேளு.

குமார்: படிப்படியா குறைச்சாலே போதும்லக்கா?

மல்லிகா நர்ஸ்: குறைக்கலாம் தம்பி, நாள் குறிச்சுட்டு. வெறுமனே குறைச்சா மிச்ச பீடியை ஆழமா இழுத்து அதே அளவு நிகோட்டினை ஏத்திக்குவாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு தேதி, அவர் வாயாலயே சொல்லட்டும், ஓ.பி. சீட்டுல எழுதிடு செல்வி. முந்தின ராத்திரியே வீட்டுல பீடிக்கட்டு இருக்கக் கூடாது.

செல்வி: ஒருத்தர் கண்ணு முழிச்சதும் பீடி, அப்புறம் கடையில டீயோட இன்னொண்ணு. நிகோட்டின் கம் வாங்கி மென்னாராம். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்ங்கிறாரு.

மல்லிகா நர்ஸ்: பபிள்கம் மாதிரி மென்னு சாறை முழுங்கியிருப்பாரு. மெதுவா மென்னு, காரம் சுள்ளுன்னு ஏறினதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கணும். காரம் அடங்கினதும் மறுபடி மெல்லணும், இப்படி அரை மணி நேரம். அதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும், வாயில இருக்கும்போதும் டீ, காப்பி கூடாது, மருந்து சரியா ஏறாது. அதனால இவருக்கு வரிசையை மாத்து: எழுந்து வாய் கொப்பளிச்சதும் கம், அது முடிஞ்சப்புறம் வீட்டுலயே டீ. பகல்ல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கம். 2 மி.கி. இவருக்குப் பத்தாதுன்னு நினைக்கிறேன். 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேணும், காட்டிடு.

ராஜேந்திரன் சித்தப்பா: நான் பீடி தொடறதில்லம்மா, புகையிலை அடக்குறதுதான். எனக்கும் இந்த கம் ஆகுமா?

மல்லிகா நர்ஸ்: ஆகும் சித்தப்பா. ஆனா முதல்ல அடக்குற இடத்துல வெள்ளைப் படிவு இருக்கா, வாய் முழுசா திறக்குதான்னு பல் டாக்டர் பாக்கட்டும். தள்ளிப் போடாதீங்க.

குமார்: நடுவுல ஒண்ணு குடிச்சுட்டா எல்லாம் வீண்தானே?

மல்லிகா நர்ஸ்: இல்ல. அடுத்த பீடியை எடுக்காம அப்படியே தொடரணும், புதுத் தேதி வேணாம். எரிச்சல், தூக்கமில்லாம தவிக்கிறது எல்லாம் முதல் வாரம்தான் கடுமை. செல்வி, விட்ட மூணாம் நாள் போன் போடு. புகையிலையை விட உதவுற 1800-11-2356 இலவச எண்ணையும் சீட்டுல எழுதிக் கொடு.

செல்வி: அக்கா, அந்த கம் மென்னவரு நடவு முடியட்டும்ங்கிறாரு, மூணு வாரம் ஆகும். வரப்புல உக்காந்தா ஆளாளுக்கு பீடி நீட்டுவாங்களாம்.

மல்லிகா நர்ஸ்: அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அறுப்பு வந்தா அதையும் சொல்வாரு. நடவுக்கு முந்தின வாரம் முடியுமான்னு கேட்டுப் பாரு.

குமார்: நடவுக்கு அப்புறமே நல்லதுன்னு எனக்குப் படுது.

செல்வி: நாளைக்கு அவர் வீட்டு அக்காவும் வர்றாங்க, ரெண்டு பேரையும் வச்சே கேக்குறேன்.