கஞ்சி போலக் குழைந்த காய்கறி கிச்சடிக்கு அளவு சொல்லுங்கள்

வணக்கம். நான் கேட்பது நம் ரவை கிச்சடி அன்று. வட இந்திய வீடுகளில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் கிச்சடி. பல் பிடுங்கிய அப்பாவுக்காக ஒரே குக்கரில் செய்கிறேன்.

முதல் முறை ஒரு கப் புழுங்கலரிசி, அரை கப் பருப்பு, நான்கு கப் தண்ணீர், நான்கு விசில். பருப்பு கரைந்தது, அரிசியோ சோறாகவே நின்றது. புழுங்கலரிசி எளிதில் குழையாது என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை பச்சரிசியும் பருப்பும் அரை அரை கப் எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்து கப் தண்ணீரில் ஐந்து விசில் விட்டேன். கரண்டியிலிருந்து வழியும் பதம் வந்தது. அப்பா விரும்பிச் சாப்பிட்டார். ஆனால் கால் மணி நேரத்தில் களிபோல இறுகிவிட்டது, பொடியாக நறுக்கிய கேரட்டும் பீன்ஸும் உருத்தெரியாமல் கரைந்துவிட்டன.

வெந்நீர் ஊற்றிக் கிளறினால் இளகுகிறது, சுவைதான் நீர்த்துப்போகிறது. தண்ணீரை முதலிலேயே ஆறு கப்பாக்கலாமா, பருப்பைக் குறைக்க வேண்டுமா? காய்களைப் பெரிதாக நறுக்கினால் போதுமா? அடிக்கடி செய்பவர்கள் உங்கள் அளவைச் சொல்லுங்கள். நாளை இரவு மீண்டும் செய்யப்போகிறேன்.