ஃபில்லெட் வெல்டில் வெறும் 6: லெக்கா, த்ரோட்டா?

வணக்கம் நண்பர்களே, 10 மி.மீ. பிளேட்டில் பிராக்கெட் வைத்து வெல்டு அடிக்க ஒரு டிராயிங் வந்திருக்கிறது. குறியீட்டில் முக்கோணம், அதன் இடப்பக்கம் 6, வலப்பக்கம் 100. எண்ணுக்கு முன்னால் z இருந்தால் லெக், a இருந்தால் த்ரோட் என்று எடுப்பேன். இதில் எழுத்தே இல்லை, எந்த ஸ்டாண்டர்டு என்றும் போடவில்லை.

லெக் 6 என்றால் த்ரோட் 0.7 × 6 = 4.2 மி.மீ. தான். த்ரோட்டே 6 என்றால் லெக் கிட்டத்தட்ட 8.5 வர வேண்டும். கேஜ் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெல்டரும் ராடோடு காத்திருக்கிறார்.

அப்புறம் நீளம். தொடங்கும் இடத்திலும் முடியும் பள்ளத்திலும் முழு த்ரோட் கிடைக்காது என்று முனைக்கு ஒரு லெக் கழித்தால், 100 − 12 = 88 தான் கணக்கில் வரும். டிசைனர் கேட்டது 88-ஆ, 100-ஆ? 100 என்றால் 112 அடிக்க வேண்டுமே. இப்படி எழுத்தில்லாத டிராயிங்கை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?