உணவு இழப்பு, உணவு விரயம்: இரண்டுக்கும் சொல் வேண்டும்

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். உணவுச் சங்கிலியின் உமிழ்வைக் கணக்கிடும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூலத்தில் ‘ஃபுட் லாஸ்’, ‘ஃபுட் வேஸ்ட்’ என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை, தனித்தனி உமிழ்வுக் கணக்கு. இதுவரை ‘உணவு இழப்பு’, ‘உணவுக் கழிவு’ என்று போட்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘கழிவு’ என்ற இடங்களிலெல்லாம் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அட்டவணைத் தலைப்பில் அடங்கும் அளவுக்குச் சுருக்கமான இரு சொற்கள் வேண்டும்.

அறவாழி:

மெய்ப்புப் பார்த்தவர் கேட்டது சரிதான். நம் மொழி தன்வினை, பிறவினை வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டிவிடும். அழிவு, அழிப்பு. சிதைவு, சிதைப்பு. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. கழிவும் அப்படித்தான், ‘கழிதல்’ என்பதிலிருந்து வந்தது. எனவே அது யாரும் செய்யாமல் போவதைத்தான் குறிக்கும்.

வழியில் மழையிலும் வெயிலிலும் பூச்சியிலும் தானாகப் போவது முதல் வகை. வீட்டில் நாம் தட்டில் வைத்துக் கொட்டுவது இரண்டாம் வகை. ஆகவே ‘உணவுச் சிதைவு’, ‘உணவுச் சிதைப்பு’ என்று வையுங்கள். ஒரே வேர், ஈற்றில் மட்டும் மாற்றம், இரண்டும் தூய தமிழ். ‘இழப்பு’ இந்த இணைக்கு ஒத்துவராது. ‘இழ’ எப்போதும் செயப்படுபொருள் குன்றாவினை, அதற்குத் தன்வினை இணையே கிடையாது. இழப்பு, இழவு இரண்டும் ஒரே வினையிலிருந்து வந்தவை. இழவு சாவு வீட்டுக்குப் போய்விட்டது, இழப்பு மட்டும் நம்மிடம் நிற்கிறது. ‘விரயம்’ வடசொல், அதைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

செழியன்:

அறவாழி ஐயா காட்டிய இணைகள் அழகானவை. ஆனால் இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு அங்கே இல்லை. தானாகப் போனதா, ஒருவர் செய்ததா என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பார்ப்பதில்லை. சங்கிலியில் எந்த இடத்தில் போனது என்று மட்டுமே பார்க்கிறது. அறுவடைக்குப் பின் தொடங்கிச் சில்லறைக் கடைக்கு முன்னால் வரை போவது லாஸ். கடை, உணவகம், வீடு ஆகிய மூன்றிலும் போவது வேஸ்ட். தரம் பிரிக்கும்போது அளவு சிறியது என்று ஒருவர் தெரிந்தே ஒதுக்கிக் குழியில் கொட்டும் தக்காளி லாஸ். மின்சாரம் போய் வீட்டுக் குளிர்பெட்டியில் யாருடைய தவறுமின்றிக் கெட்ட பால் வேஸ்ட். தன்வினை, பிறவினையை வைத்துப் பெயரிட்டால் இந்த இரண்டுமே தவறான நெடுவரிசையில் போய் விழும்.

இடம் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். வழியில் 10 விழுக்காடு, கடையில் 5, வீட்டில் 20 போகிறது என்று கொள்வோம். ஒருவர் 1 கிலோ உண்ண வயலில் எவ்வளவு விளையவேண்டும்?

```
1 / (0.90 × 0.95 × 0.80) = 1.46 கிலோ
```

வீட்டில் போவதைப் பாதியாக்கினால், அதாவது 20-ஐ 10 ஆக்கினால், தேவை 1.30 கிலோவாகக் குறையும். வழியில் போவதைப் பாதியாக்கினால் 1.39 கிலோ. வயலில் கிலோவுக்கு 1 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வு என்று வைத்தால், முதல் வழியில் 0.16 கிலோவும் இரண்டாவதில் ஏறத்தாழ 0.08 கிலோவும் மிச்சம்.

அடுத்தது கொட்டும் இடம். வீட்டில் போவது பெரும்பாலும் குப்பைக் கிடங்கின் அடியில், காற்றுப்படாமல் புதைகிறது. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் உள்ள இயல்பு மதிப்புகளைப் போட்டால், ஈரமான உணவு 1 கிலோவுக்கு 0.15 பங்கு மக்கும் கார்பன், அதில் பாதி சிதைகிறது, வரும் வாயுவில் பாதி மீத்தேன். கார்பன் எடையை மீத்தேன் எடையாக மாற்ற 16/12.

```
0.15 × 0.5 × 0.5 × 16/12 = 0.05 கிலோ மீத்தேன்
```

மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு என்று கொண்டால், இது 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நம் எடுத்துக்காட்டில் வீட்டில் கொட்டுவது 0.25 கிலோவிலிருந்து 0.11 கிலோவாகக் குறைவதால், இதில் மட்டும் 0.19 கிலோ மிச்சம். வயல் பங்கையும் சேர்த்தால் 0.35. வழியில் சிந்தியது மண்மேல் மெல்லியதாகப் பரந்து கிடந்தால் மீத்தேன் மிகக் குறைவு, எனவே அங்கே 0.08-க்கு மேல் பெரிதாக ஏறாது.

இதனால் எங்கும் வீடே முதலில் என்று ஆகிவிடாது. வழியில் 30, வீட்டில் 5 என்றிருக்கும் சங்கிலியில் விடை தலைகீழாகும். கிடங்கில் வாயுவைப் பிடித்து எரித்தால் 1.4 குறையும். ஆழமில்லாத, ஒழுங்கற்ற மேட்டில் காற்று புகுவதால் அதே வழிகாட்டி 0.4 ஆல் பெருக்கச் சொல்கிறது. அப்போது அது 0.56 கிலோ. மீத்தேன் ஒரே நாளில் வருவதும் இல்லை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பாதி வர ஏறத்தாழ 2 ஆண்டு, குளிர்ந்த ஈரப் பகுதியில் 4 ஆண்டு.

இன்னொன்று. கயல்விழி அம்மாவின் கையேட்டில் ‘சிதைவு’ ஏற்கெனவே கிடங்கில் நடக்கும் வேதிச் செயலுக்கு வந்திருக்கும். ‘உணவுச் சிதைவு’ என்று தலைப்பிட்டால் மீத்தேன் பத்தியில் வாசகர் எந்தச் சிதைவு என்று திணறுவார்.

மரகதம்:

நல்ல விளக்கம், நன்றி. எங்கள் விடுதிச் சமையலறைக்கும் இப்படி ஒரு சொல் தேவைப்படுகிறது. மாணவிகள் ஒரு வாரம் குப்பை வாளியை எடை போடுகிறார்கள். காய்த்தோல், எலும்பு, முட்டை ஓடு, தட்டில் மிஞ்சிய சோறு எல்லாம் ஒரே வாளியில்தான். நாங்கள் ‘மக்கும் குப்பை’ என்று எழுதுகிறோம். அதையே வைக்கலாமே?

செழியன்:

மரகதம் அம்மா, ‘மக்கும் குப்பை’ வாளிக்குப் பெயர். இங்கே நாம் தேடுவது சங்கிலியில் ஓர் இடத்துக்கான பெயர். ஆனாலும் உங்கள் வாளி ஒரு சிக்கலைச் சரியாகக் காட்டுகிறது. தோலையும் எலும்பையும் யாரும் உண்ணப்போவதில்லை, எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் அவை குறையா. இரண்டு வாளி வையுங்கள்: உண்ணக்கூடியது ஒன்று, உண்ணவியலாதது ஒன்று. அந்த இரண்டாவது வாளிக்குத்தான் ‘கழிவு’ பொருந்தும். அதனால்தான் முழு வேஸ்டுக்கும் அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன்.

இதில் பெரிய குழப்பமும் ஒளிந்திருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-இல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் 105 கோடி டன் போனது என்கிறது, நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 விழுக்காடு. அதில் தோலும் எலும்பும் சேர்த்தி. 63.1 கோடி டன் வீடுகளில் மட்டும். உணவு வேளாண்மை அமைப்பின் 2019 அறிக்கையில் கடைக்கு முந்தைய லாஸ் ஏறத்தாழ 14 விழுக்காடு. அது எடையில் அல்ல, பண மதிப்பில் போட்ட கணக்கு. 14-ஐயும் 19-ஐயும் கூட்டி ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். 2011-இல் வந்த பழைய மதிப்பீடும் மூன்றில் ஒரு பங்கு என்பதால் கூட்டல் சரியென்றே தோன்றுகிறது. அலகும் வேறு, அடிப்படையும் வேறு. கூட்டவே கூடாது. கையேட்டில் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், வாசகர் கூட்டிவிடுவார்.

நிலவன்:

மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் சுற்றுகிறோம்? நகை வேலையில் ‘சேதாரம்’ என்றால் யாருக்கும் விளக்கவேண்டாம். வேலையின் ஊடே போவது. லாஸுக்கு ‘உணவுச் சேதாரம்’, வீட்டில் போவதற்கு ‘உணவு வீண்’. படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் புரியும்.

அறவாழி:

சேதம் வடசொல். அதோடு சேதாரம் விலையில் முன்கூட்டியே ஏற்றி வாங்கப்படுவது. போவது இயல்பு, அதற்குப் பணம் கொடு என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. குறைக்கவேண்டிய ஒன்றுக்கு அந்தப் பெயர் தகாது.

இடம்தான் கோடு என்று செழியன் சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் ‘கடை’ என்ற சொல்லைப் பிடியுங்கள். கடை என்றால் அங்காடி, கடை என்றால் இறுதியும்தான். கடைநிலை, கடைசி, கடைக்கண். ‘கடைமுன் இழப்பு’, ‘கடையிழப்பு’ என்றால் இரு பொருளும் ஒரே சொல்லில் வந்து நிற்கும். இடையில் போவது முன்னது, சங்கிலியின் கடைப் பகுதியில் போவது பின்னது. இதைவிடச் செறிவான இணை கிடைக்காது.

நிலவன்:

‘கடையிழப்பு’ என்று படித்தால் கடைக்காரருக்கு நட்டம் என்றுதான் எனக்குப் படும், ஐயா.

செழியன்:

அறவாழி ஐயாவின் இணை கோட்டைச் சரியான இடத்தில் போடுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் முதல்முறை பார்ப்பவர் நிலவன் சொன்னபடிதான் படிப்பார்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் போவதைக் குறைக்கக் குளிர்பதனக் கிடங்கு வைப்பார்கள். அதன் மின்சாரமும் குளிரூட்டும் வாயுவின் கசிவும் மிச்சத்திலிருந்து கழிக்கப்படவேண்டும். ஆர்-404ஏ வாயு 1 கிலோ கசிந்தால் 3.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எனவே கையேட்டில் ‘இழப்புக் குறைப்பு’ வேறு, ‘உமிழ்வு மிச்சம்’ வேறு. இந்த இரண்டையும் தலைப்புகளில் கலந்துவிடாதீர்கள். வயல் பங்கு மிச்சமாகவும் ஒரு நிபந்தனை உண்டு. வீடுகள் குறைவாக வாங்கி, அதற்கேற்ப விளைச்சலும் குறையவேண்டும், அல்லது மீந்தது வேறொருவர் உணவுக்குப் போய் அங்கே ஒரு விளைச்சலை மிச்சப்படுத்தவேண்டும்.

கயல்விழி:

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு முடிக்கவேண்டும். செழியன், நிலவன், மரகதம் அம்மா மூவரும் ‘இழப்பு’ சரி என்று தனிமடலில் சொன்னார்கள். ஆகவே ‘உணவு இழப்பு’, ‘உணவு விரயம்’ என்று வைக்கிறேன். தோல், எலும்புக்கு மட்டும் ‘கழிவு’. முதல் பக்கத்தில், இது குற்றம் சாட்டும் சொல் அல்ல, இடத்தைக் குறிப்பது என்று இரண்டு வரி சேர்க்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ‘இழப்பும் விரயமும்’ என்று நீட்டியே எழுதப்போகிறேன்.

அறவாழி:

‘விரயம்’ வேண்டாம் என்ற என் கருத்தைப் பதிவு செய்யுங்கள். ‘வீணாக்கம்’ இருந்திருக்கலாம்.

செழியன்:

‘வீணாக்கம்’ மறுபடியும் பிறவினைக்கே போகிறது, ஐயா.

கயல்விழி அம்மா, அச்சுக்கு முன் ஒரு வரி பார்த்துவிடுங்கள். சரக்கு வண்டி கடையின் வாயிலில் நிற்கிறது, கடைக்காரர் தரம் போதாது என்று திருப்பி அனுப்புகிறார், வண்டிக்காரர் வழியில் கொட்டிவிடுகிறார். முடிவு கடையுடையது, சரக்கு இன்னும் அனுப்பியவருடையது. கடைக்குள் வராததால் இழப்பு என்று போடுவேன். கடையின் கொள்முதல் விதிதான் காரணம் என்பதால் விரயத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் மூலத்தில் இதற்கு எந்த நெடுவரிசை?

கயல்விழி:

மூலத்தில் அந்த வரிசையே இல்லை. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.