gg போட்டதும் கூட்டாளிகள் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள், என்ன தப்பு?

தோட்டத்துக்_கதிர்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நானும் பெரியப்பா மகனும் டோட்டா 2 விளையாடுகிறோம். சிங்கப்பூர் சர்வர் என்பதால் ஐவர் அணியில் மீதி மூன்று பேர் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. நேற்று ஒருவன் இந்தோனேசியா, ஒருவன் பிலிப்பீன்ஸ், இன்னொருவன் கடைசி வரை வாயே திறக்கவில்லை.

31ஆவது நிமிடம் எதிரியின் கோட்டை மேல் ஏறினோம். மூன்று பேர் செத்தோம், ஆனால் சண்டை நன்றாகத்தான் இருந்தது. "பரவாயில்லை, நல்லா அடிச்சோம்" என்ற அர்த்தத்தில் gg என்று தட்டினேன். உடனே பிலிப்பீன்ஸ்காரன், செத்தவர்கள் மறுபடி உயிர்பெறும் இடத்திலேயே போய் நின்றுகொண்டான். மற்றவன் noob என்றான். தோற்றோம், என் மேல் ரிப்போர்ட்டும் விழுந்தது.

gg, noob, afk எல்லாம் எல்லா நாட்டுக்கும் பொதுதானே? இல்லையென்றால் இவர்கள் மொழியிலேயே நாலு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டுமா?

பேராக்_மணி

தம்பி, gg என்றால் நல்ல ஆட்டம், எந்த நாட்டிலும் அதேதான். noob என்றால் புதுசு, அவ்வளவுதான், கோபப்பட ஒன்றுமில்லை. நீ Shift+Enter அடித்து எதிரிக்கும் போகிற மாதிரி போட்டிருப்பாய், அதுதான் கடுப்பாகியிருப்பான். நீயும் திருப்பி ரிப்போர்ட் பண்ணு.

ரேவதி_பாய்லட்

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் என் மகன் உள்ளேயிருந்து "afk மா" என்கிறான். அது வருகிறேன் என்றா, வரமாட்டேன் என்றா? அரை மணி நேரமாகச் சோறு ஆறுகிறது.

பழைய_சிசி_அக்கா

கதிர், சாட்டை அப்படியே எடுத்துப் போடு தம்பி. நீ என்ன நினைத்துத் தட்டினாய் என்பது அப்புறம், திரையில் என்ன வந்தது என்று முதலில் பார்ப்போம்.

ரேவதி அக்கா, afk என்றால் விசைப்பலகை பக்கம் நான் இல்லை என்று அர்த்தம். அவன் எழுந்து வந்து தட்டில் கை வைத்தால்தான் afk. உட்கார்ந்துகொண்டே சொன்னால் சும்மா டூப்பு.

தோட்டத்துக்_கதிர்

ரீப்ளேயிலிருந்து எடுத்தது. பெயர்களை மாற்றிவிட்டேன்.

```
31:02  kathir  push?
31:05  indo    g
31:06  pinoy   g
31:08  kathir  ok go
32:15  kathir  gg
32:19  pinoy   ok gg
32:40  indo    noob
```

பழைய_சிசி_அக்கா

நினைத்தேன். உன் gg இரண்டாவது தப்பு. முதல் தப்பு அதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே நடந்துவிட்டது.

அந்த இரண்டு g-யையும் பார். பிலிப்பீன்ஸ்காரனுக்கு g என்றால் "கேம்", அதாவது நான் ரெடி, போகலாம். இந்தோனேசியாக்காரனுக்கு g என்பது "nggak" என்ற சொல்லின் சுருக்கம். அதற்கு அர்த்தம் "இல்லை, வேண்டாம்". நாம் மலாயில் "தாக்" என்பதை ஒரே ஒரு x-ஆகச் சுருக்குகிறோமே, அதே கதைதான். நீ இரண்டையும் "கோ" என்று படித்துவிட்டாய். வேண்டாம் என்றவனை இழுத்துக்கொண்டு ஏறினாய், அவன் noob என்றான். அவன் பக்கமிருந்து பார்த்தால் நியாயம்தான்.

இப்போது gg. மணி சொன்னது ஆட்டம் முடிந்த பிறகு சரி, அது கைகுலுக்கல். நடுவில் சொன்னால் வேறு. ஸ்டார்கிராஃப்ட் போட்டிகளில் தோற்பவன்தான் முதலில் gg தட்டிவிட்டு வெளியேறுவான். டோட்டா போட்டிகளிலும் எல்லாருக்கும் தெரிகிற சாட்டில் gg போட்டால் 10 நொடி எண்ணி ஆட்டத்தையே முடித்துவிடும். அதனால் ஆட்டம் ஓடும்போது வருகிற gg, எந்த நாட்டுக்காரனுக்கும் "நான் கையை விட்டுவிட்டேன்". நீயே மோட்டார் பாதி வழியில் நின்றால் "gg லா" என்றுதானே சொல்வாய்? நல்ல ஆட்டம் என்றா சொல்கிறாய்?

அவன் "ok gg" என்றதில் கோபமில்லை. நீ சரணடைந்ததாக நினைத்து ஒத்துக்கொண்டான், அவ்வளவுதான். Shift+Enter இதில் காரணமே இல்லை, குழுவுக்குள் போட்டாலும் இதுதான் நடக்கும்.

பேராக்_மணி

சரி, அது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் noob புதுசுதானே அக்கா?

பழைய_சிசி_அக்கா

புதுசுக்கு newbie இருக்கிறது, அதைச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. noob என்பது இத்தனை நாள் ஆடியும் தேறாதவன். யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்பதில்தான் எல்லாம். "sorry me noob" என்று உன்னைச் சொல்லிக்கொண்டால் எல்லா நாட்டுக்காரனும் சிரித்துவிட்டு விடுவான். தனியாக noob என்று போட்டால் மற்ற நாலு பேரும் தன்னைத்தான் என்று நினைப்பார்கள்.

அவர்கள் ஊர்த் திட்டுகளைக் கற்றுக்கொள்ளாதே. பிலிப்பீன்ஸ்காரன் bobo என்றால் முட்டாள் என்று திட்டுகிறான். இந்தோனேசியாவில் அதே சொல் குழந்தையைத் தூங்கச் சொல்வது. ஒருவன் கொதிப்பான், ஒருவன் சிரிப்பான், நீ நடுவில் மாட்டுவாய்.

தோட்டத்துக்_கதிர்

அக்கா, ஒரு நாள் g-யை விட்டுவிட்டுப் பார்த்தேன். push yes? no? என்று கேட்டால் முழுசாக yes, no வருகிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் afk-யில் மாட்டினேன். இங்கே சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் டிரிப் ஆகும், ஹெண்ட்போன் லைனுக்கு மாறித் திரும்பி வர மூன்று நிமிடம் ஆகும். திரும்பி வந்ததும் "x afk, hujan" என்று போட்டேன். ஓடவில்லை, மழை என்று. அன்று வந்த இந்தோனேசியாக்காரனும் பிலிப்பீன்ஸ்காரனும் என்னை விட்டுவிட்டு நால்வராக ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய_சிசி_அக்கா

அந்த x மலேசியாக்காரனுக்குத்தான் "இல்லை". இந்தோனேசியாக்காரனுக்கு hujan புரியும், x புரியாது. பிலிப்பீன்ஸ்காரனுக்கு இரண்டும் புரியாது. இருவர் கண்ணிலும் afk என்ற மூன்று எழுத்துதான் பட்டிருக்கும். வந்த பிறகு afk என்ற சொல்லையே தொடாதே. "back" என்று ஒரே சொல் போடு.

போவதற்கு முன்னால் நிமிடத்தைச் சேர்த்துச் சொல். இடி கேட்டதுமே "rain, maybe dc, 3 min, pls pause" என்று போட்டு வை, லைன் போன பிறகு தட்ட முடியாது. போனதும் உன் அண்ணன் F9 அழுத்தி நிறுத்தட்டும். 30 நொடிக்குப் பிறகு எதிரியே தொடக்கிவிடலாம், அதனால் நிறுத்தியதும் எதிரிக்கும் தெரிகிற மாதிரி அவன் "3 min pls" என்று ஒரு வரி போட வேண்டும். சில பேர் பொறுப்பார்கள், சில பேர் பொறுக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஓடிப்போனவன் கணக்கில் விழுவாய்.

பேராக்_மணி

இவ்வளவு பாடு எதற்கு? Y அழுத்தினால் சாட் வீல் வரும். அதில் எடுக்கிற வாக்கியம் அவனவன் மொழியிலேயே அவனவனுக்குத் தெரியும்.

பழைய_சிசி_அக்கா

அது உண்மை, நல்ல வழியும்கூட. தாய்லாந்துக்காரனும் சீனனும் வந்தால் அதைத்தான் நானும் எடுப்பேன். பின்வாங்கு, ஆளைக் காணோம் போன்றவைக்கு அது போதும். ஆனால் "மழை, மூன்று நிமிடம்" அதில் கிடையாது. தமிழும் மலாயும் கிடையாது.

தோட்டத்துக்_கதிர்

நேற்று ராத்திரி gg-க்குப் பதில் வீலில் "Well played" எடுத்தேன். அப்போதுதான் செத்திருந்த ஒருவன், என்னைக் கிண்டலா பண்ணுகிறாய் என்று கேட்டான். இதற்கு என்ன செய்வது?

பழைய_சிசி_அக்கா

அது எனக்கே ஒத்துவரவில்லை தம்பி. யாராவது சொதப்பியதும் அதைக் குத்தலாகப் போட்டுப் போட்டு அந்தச் சொல்லையே கெடுத்துவிட்டார்கள். ஆள் செத்த கையோடு நான் எதையும் போடுவதில்லை. அடுத்த சண்டையில் அவனைக் காப்பாற்றப் போய் நிற்பேன்.

ரேவதி_பாய்லட்

இன்றைக்கு நானே போய் "afk-யா back-ஆ" என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். சோறு சூடாக இருக்கும்போதே வந்துவிட்டான்.