"வலியை வலிமையாக்கு": அம்மாவை இழந்த தோழிக்கு இதை எப்படி மாற்றி எழுதலாம்?

ஷாமினி (வெள்ளவத்தை)
கோட்டையில் என்னோடு ஒரே ஒஃபிஸில் வேலை செய்கிற தோழியின் அம்மா போன மாதம் திடீரென்று தவறிவிட்டார். வருகிற கிழமை 31ஆம் நாள். ஒஃபிஸ் ஆட்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கார்ட் கொடுக்கப் போகிறோம். அதில் அச்சடிக்கச் சொல்லி எங்கள் மனேஜர் அண்ணா தந்த வாசகம்: "அழுபவர்க்கு நேற்று மட்டுமே சொந்தம், எழுபவர்க்கே நாளை சொந்தம். வலியை வலிமையாக்கு!" நல்ல மனதோடுதான் தந்தார், அப்படியே தூக்கிப் போட்டால் மனம் நோவார். ஆனால் அவளிடம் இதை நீட்ட எனக்குக் கை வரவில்லை. அண்ணாவின் வாசகத்தின் சாயலும் இருக்க வேண்டும், அவளைக் குத்தவும் கூடாது. எப்படி மாற்றுவது?

ராஜன் (தெகிவளை)
தங்கச்சி, கருத்தில் பிழையில்லை, சத்தம்தான் கூட. துக்கத்துக்கு ஐந்து படி இருக்கிறது என்று படித்திருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்வது. ஒரு மாதம் ஆகிவிட்டதால் உங்கள் தோழி இப்போது நடுவில் எங்கேயோ நிற்பார், மேலே வர ஒரு கை கொடுக்க வேண்டும். ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "மெதுவாக எழு, நாளை உனக்காகக் காத்திருக்கிறது." சாயலும் போகாது, மென்மையும் வந்துவிடும்.

திருநெல்வேலி பேரன்
அந்தியேட்டிக்கு அச்சடிப்பது என்றால் முதலில் திதி வெண்பா வேண்டும். வருடம், மாதம், பட்சம், திதி நாலும் வெண்பாவுக்குள் வர வேண்டும், பிறகு அம்மாவின் படம், வம்சாவளி, தேவாரம், கடைசியில் குடும்பத்தாரின் நன்றி நவிலல். எனக்குத் தெரிந்த ஒருவர் வெண்பா எழுதித் தருவார், நேரம் கிட்டுகிறது, இன்றைக்கே சொல்லுங்கள்.

ஷாமினி
ஐயா, அந்தியேட்டி நினைவுப் புத்தகத்தை வீட்டுக்காரர் அடிக்கிறார்கள். இது நாங்கள் அவளுக்குக் கொடுக்கிற சின்ன கார்ட் மட்டும்தான்.

மீனாட்சி (பம்பலப்பிட்டி)
ராஜன் அண்ணா, நீங்கள் சொன்ன ஐந்தும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியவை. அவர் அதை எழுதியது, தாங்களே இறக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்ட நோயாளிகளோடு இருந்து கதைத்துவிட்டு. பிறகுதான் அதைப் பின்னால் மிஞ்சி நிற்கிறவர்களுக்கும் பொருத்தினார்கள், அதுவும் வரிசையாக ஏற வேண்டிய ஏணி மாதிரி ஆகிவிட்டது. அப்படி எண்ணிக்கொண்டு எழுதினால், அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று நாங்கள் கீழே நின்று பார்க்கிற தொனி வந்துவிடும்.

துக்கத்தில் இருக்கிறவர்களோடு நிறையக் காலம் இருந்து கேட்டவள் என்ற முறையில் எனக்குப் பொருந்திப் போவது வேறொன்று. நெதர்லாந்தில் ஸ்ட்ரூபே, ஸ்கூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது: இழந்தவர் ஒரு பக்கம் இழப்புக்குள் போவார், இன்னொரு பக்கம் வாழ்க்கையின் அலுவல்களுக்குத் திரும்புவார், இந்த இரண்டுக்கும் இடையில் போய்ப் போய் வருவார். காலையில் ஒஃபிஸ் மெயிலுக்குப் பதில் போட்ட அதே பிள்ளை மத்தியானம் அம்மாவின் நம்பரை போனில் கண்டு உடைந்து போவாள். இரண்டும் ஒரே நாளில் நடக்கும், இரண்டும் தேவை.

இனி உங்கள் மனேஜர் தந்த வாசகத்தைப் பாருங்கள். குத்துவது அதன் சத்தம் இல்லை. அழுகிறவர் ஒரு கூட்டம், எழுகிறவர் இன்னொரு கூட்டம் என்று பிரித்து ஒரு கூட்டத்துக்குப் பரிசு கொடுக்கிறது. ஒரு மாதத்தில் அவள் எந்தக் கூட்டத்தில் இருப்பாள்? அதனால் ராஜன் அண்ணாவின் வரியிலும் அந்தக் கட்டளை அப்படியேதான் இருக்கிறது. "மெதுவாக" என்று சேர்த்தாலும் எழத்தான் சொல்கிறோம். "நாளை காத்திருக்கிறது" என்பது அதைவிட மோசம், அம்மா இல்லாத நாளைதான் அவளுக்குப் பயமே.

அன்டன் (கொட்டாஞ்சேனை)
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பா செத்தபோது எனக்கு இருபத்தியிரண்டு வயது, கீழே இரண்டு தங்கச்சிமார். வருகிறவர்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்று கட்டிப் பிடித்தார்கள், ஒருவராவது அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை. "நீ விழுந்தால் வீடு விழும்" என்று ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலைக்குப் போனேன். கடுமையான சொல் சில பேரைத் தூக்கி நிறுத்தும் அக்கா. எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

மீனாட்சி
தம்பி, உங்கள் கதையை நான் நம்புகிறேன், உங்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் அந்தத் துண்டை எழுதியது நீங்கள், ஒட்டியது நீங்கள், வேண்டாம் என்ற நாளில் கிழித்துப் போட்டிருக்கக்கூடியதும் நீங்கள். அதே வரியை உங்கள் மனேஜர் அச்சடித்து, முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, சனம் நிறைந்த வீட்டில் வைத்துத் தந்திருந்தால்? நாங்கள் இப்படி எதிர்பார்க்கிறோம் என்று முப்பது பேர் சொன்ன மாதிரி ஆகியிருக்கும். தனக்குத் தானே சொல்லும்போது பிடிமானமாக இருந்த சொல், இன்னொருவர் சொல்லும்போது மதிப்பெண் போடுகிறது.

அன்டன்
அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவளுக்கும் அந்த மாதிரி ஒரு வரிதான் தேவையோ என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மீனாட்சி
அவள் முதலில் சொல்வாள். "நான் திரும்ப எழும்ப வேணும் அக்கா" என்று அவள் வாயால் வந்தால் நானும் அந்தச் சொல்லை எடுப்பேன். கடவுள், விதி, கர்மா எல்லாவற்றுக்கும் அதேதான்: அவள் எடுத்தால் நாமும் எடுக்கலாம், நாமாக முதலில் வைக்கக் கூடாது.

நூரா (தெமட்டகொடை)
எங்கள் பக்கத்தில் கணவர் மௌத்தானால் மனைவிக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் அடைத்து வைக்கிறார்கள் என்பார்கள், எல்லாருக்கும் அது ஒரே மாதிரி இருந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் கிடைத்த பெரிய ஆறுதல், அந்தக் காலம் முழுக்க "இன்னும் எழும்பவில்லையா" என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தா முடிந்த அடுத்த கிழமையே ஒருவர் வாட்ஸ்அப்பில் "புதிய அத்தியாயம் தொடங்கு" என்று பூப்படம் அனுப்பினார். நன்றி என்று போட்டேன், அதற்குப் பிறகு அவரோடு மனம் விட்டு ஒன்றும் கதைக்கவில்லை. ஷாமினி, கார்டில் அவசரம் தெரிகிற ஒரு சொல்லும் வர விட வேண்டாம்.

மீனாட்சி
நூரா சொன்னதைக் கவனியுங்கள், வாசகம் பிழையாகப் போனது இப்படித்தான் தெரியும். ஆள் கோபப்பட மாட்டார், மரியாதையாக "நன்றி, முயற்சி செய்கிறேன்" என்று சொல்லி மூடிவிடுவார். சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அம்மாவைப் பற்றி ஒரு கதை வரும், சில நேரம் அழுகையும் வரும். அழுதால் பிழையாகப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஷாமினி
சரி, அப்படியென்றால் அழு, எழு இரண்டையும் வைத்துக்கொண்டு இப்படி எழுதிப் பார்த்தேன்: "அழுவதும் சரி, எழுவதும் சரி. எதற்கும் அவசரமில்லை." அண்ணாவின் எதுகையும் இருக்கிறது.

ராஜன்
இது நன்றாக இருக்கிறது. என்னுடையதை விட நல்லது.

மீனாட்சி
பெரிய முன்னேற்றம், இரண்டு கூட்டமும் போய்விட்டது. இன்னும் ஒன்று மட்டும் இடிக்கிறது: "சரி" என்று சொல்ல நாங்கள் யார்? அனுமதி கொடுக்கிற இடத்தில் இருந்து வருகிறது. வரியை அவள் மேல் இருந்து எடுத்து உங்கள் மேல் வையுங்கள். "நீ அழுகிற நாளிலும் எழுகிற நாளிலும் நாங்கள் உன்னோடு இருக்கிறோம்." எதுகை அப்படியே இருக்கிறது, மனேஜருக்கும் தன் வாசகம் தெரியும். அவள் செய்ய வேண்டியது என்று அதில் ஒன்றும் இல்லை.

அன்டன்
இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உன்னோடு இருக்கிறோம் என்று எல்லோரும் எழுதுவார்கள். செத்தவீட்டுக்கு வருவார்கள், 31க்கு வந்து சாப்பிடுவார்கள், அடுத்த நாள் ஒரு குருவி இருக்காது. வெறும் மென்மையான பொய்யை விடக் கடுமையான உண்மை மேல்.

மீனாட்சி
இதில் நீங்கள் முழுக்கச் சரி தம்பி. பதில் வரியைக் கடுமையாக்குவதில் இல்லை, அதற்குக் கீழே கையால் ஒரு நிஜமான காரியம் எழுதுவதில் இருக்கிறது. "ஏதாவது வேணுமென்றால் சொல்லு" என்றால் யோசிக்கிற வேலையும் கேட்கிற கூச்சமும் அவள் தலையில்தான் விழும். நாளும் பொருளும் சொல்லுங்கள்: "வாற புதன் மத்தியானச் சாப்பாடு உனக்கும் சேர்த்துக் கொண்டு வருகிறேன்." செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுதியதைச் செய்யாமல் விட்டால் மனேஜரின் வாசகத்தை விட அது கூட நோகும்.

ஷாமினி, அவளுடைய அம்மாவை உங்களுக்குத் தெரியுமா? ஒரு மாதம் கழிந்தால் ஆட்கள் அந்தப் பெயரையே எடுக்கப் பயப்படுவார்கள், எடுத்தால் அழுவாள் என்று. அவள் அந்தப் பெயரைக் கேட்கத்தான் ஏங்கிக்கொண்டிருப்பாள்.

ஷாமினி
தெரியும் அக்கா. ஆன்ரி எங்களுக்கு என்று தனியாக ஒரு போத்தலில் சீனிச்சம்பல் போட்டு அவளிடம் அனுப்புவார், பாண் வாங்கி எல்லோரும் அவள் மேசையில்தான் சாப்பிடுவோம். சிங்கள ஆட்களும் "அம்மாவின் சம்பல்" என்றுதான் கேட்பார்கள்.

மீனாட்சி
அதை எழுதுங்கள். உங்கள் முழுக் கார்டிலும் அவள் திரும்பத் திரும்ப வாசிக்கப் போவது அந்த வரியைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் வாழவே விருப்பமில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னால் கார்ட், வாசகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். சுமித்ரயோவும் இருக்கிறது, 1974இல் இருந்து கொழும்பில் இதற்காகவே கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள்.

ஷாமினி
அப்படி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனதில் வைத்துக்கொள்கிறேன். கார்ட் இப்போது இப்படி:

"நீ அழுகிற நாளிலும் எழுகிற நாளிலும் நாங்கள் உன்னோடு இருக்கிறோம். ஆன்ரியின் சீனிச்சம்பல் போத்தலை இங்கே ஒருவரும் மறக்கவில்லை."

இது அச்சில். கீழே அவரவர் கையால் செய்யக்கூடியதை எழுதுவார்கள். நான் புதன் சாப்பாடு. மாதக் கடைசி ரிப்போர்ட்டைத் தான் பார்ப்பதாக மனேஜர் அண்ணாவே சொல்லிவிட்டார், வரியை மாற்றியதில் அவருக்குக் கோபமில்லை. கடைசியில் "பதில் போட வேண்டாம்" என்றும் சேர்க்கப் போகிறேன்.

ராஜன்
"பதில் போட வேண்டாம்" விலக்கி வைத்த மாதிரி இருக்காதா?

நூரா
எனக்கு அப்படி யாராவது எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன். வந்த அனுதாபங்களுக்கு நன்றி போட்டுப் போட்டே கை ஓய்ந்து போனது.

அன்டன்
ரிப்போர்ட்டைப் பார்க்கிறேன் என்றது எனக்குப் பிடித்திருக்கிறது, வாசகத்தை விட அதுதான் பெரிது. ஆனால் கடுமையான சொல்லுக்கும் ஒரு நாள் இடம் வரும் என்பதில் நான் மாறவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே இருந்தால் அப்போதும் "அழுகிற நாளிலும்" என்றுதான் எழுதுவீர்களா?

மீனாட்சி
அப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், போய்க் கதவைத் தட்டுவேன். அங்கே என்ன சொல்வேன் என்று இப்போதே சொல்ல எனக்கு வராது தம்பி, அவளைப் பார்த்தால்தான் தெரியும். ஷாமினி, அச்சுக்குக் கொடுக்க முன் அவளுடைய அண்ணன் யாராவது இருந்தால் ஒருமுறை காட்டுங்கள், சம்பல் கதை வீட்டில் மற்றவர்களுக்கும் படும்.