புதுப்பிப்பு: படத்தில் இருந்த இருபடிச் சமன்பாடு

என் கேள்வி: "2x² − 7x + ? = 0. படத்தில் கடைசி எண் 6-ஆ 8-ஆ தெரியவில்லை. மூலங்களின் தன்மை, கூடுதல், பெருக்கற்பலன் என்ன?"

இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கூடுதலைத் தரும் −b/a-வில் கடைசி எண்ணே வராது. அதனால் எப்படிப் படித்தாலும் 7/2 தான். மற்ற இரண்டும் மாறுகின்றன. 6 என்றால் தன்மைகாட்டி 49 − 48 = 1, பெருக்கற்பலன் 3, மூலங்கள் 2, 3/2. 8 என்றால் 49 − 64 = −15; மெய் மூலங்கள் இல்லை, பெருக்கற்பலன் 4.

"மூலமே இல்லை என்றால் கூடுதல் ஏது?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கலப்பெண் மூலங்களைக் கூட்டும்போது கற்பனைப் பகுதிகள் அடிபட்டு 7/2 மிஞ்சும் என்று ஆசிரியர் ஒருவர் விளக்கினார்.

தன்மைகாட்டி நேர் எண் என்றாலே மூலங்கள் விகிதமுறு எண்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலங்கள் மெய் என்பது வரை சரி. ஒரு அக்கா தன் மகளின் தாளில் இருந்த −6-ஐ வைத்துப் போட்டார்: 49 + 48 = 97. அது முழு வர்க்கம் இல்லை, ஆகவே விகிதமுறா மூலங்கள்.

அடுத்த உட்பிரிவு "மூலங்களைக் காண்க" என்பதால் 6 ஆக இருக்கலாம் என்கிறார் ஆசிரியர். அசல் தாள் இன்னும் கிடைக்கவில்லை.